கரெக்‌ஷன் லிஸ்ட் வந்ததும் டைம்லைனைத் திறக்காதீர்கள்

கேள்வி: தனியாக எடிட்டிங் வேலை எடுத்துச் செய்கிறேன். ஒரு நிறுவனத்துக்கு 3 நிமிட அறிமுக வீடியோ. இதுவரை 8 வெர்ஷன் அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு முறையும் "இன்னும் கொஞ்சம் மட்டும்" என்று புதிதாக ஏதாவது வருகிறது. சில சமயம் முன்பு சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்கள். க்ளையன்ட் மனம் கோணாமல் இதை எப்படி முடிப்பது?

நீங்கள் எழுதியதில் "நேர்மாறாகச் சொல்கிறார்கள்" என்ற இடத்தில்தான் என் கண் நின்றது. ஒரே ஆள் ஒரே வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தால் கரெக்‌ஷன் நிறைய வரலாம், ஆனால் முன்னுக்குப் பின் முரணாக அடிக்கடி வராது. முரண் வருகிறது என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. உங்களிடம் பேசுபவருக்குப் பின்னால் வேறு யாரோ பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அல்லது எதைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொல்லாததால் அவர் ஒவ்வொரு முறையும் வேறு ஒன்றைப் பார்க்கிறார். இரண்டுக்கும் எடிட்டிங் திறமைக்கும் சம்பந்தம் குறைவு. 14 வருடமாக நிறுவன வீடியோ, பயிற்சி வீடியோ என்று பெரும்பாலும் 10 நிமிடத்துக்கு உட்பட்ட வேலைகளையே செய்துவருகிறேன். கீழே சொல்வது அந்த அனுபவத்திலிருந்து. சினிமா, தொடர் போன்றவற்றில் யார் எப்போது எதைச் சொல்லலாம் என்பதற்கு வேறு ஒழுங்கு உண்டு, அங்கே இதை அப்படியே எடுத்துப்போக வேண்டாம்.

முதல் வேலை, ஒன்பதாவது வெர்ஷனைத் தொடங்காமல் இருப்பது. கரெக்‌ஷன் வந்தவுடன் டைம்லைனைத் திறந்து ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பிப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் சீக்கிரம் ஓகே வரும் என்று கை பரபரக்கும். நடப்பது வேறு. மாலை 5 மணிக்கு லிஸ்ட் அனுப்பி மறுநாள் காலை 9 மணிக்குப் புது வெர்ஷன் கையில் கிடைத்தால், மாற்றுவது எளிது, எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று க்ளையன்ட் புரிந்துகொள்கிறார். அவர் மேல் தப்பில்லை, அப்படித்தான் நாம் காட்டியிருக்கிறோம். அதனால் இந்த முறை டைம்லைனுக்குப் பதில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறங்கள். முதல் வெர்ஷனிலிருந்து எட்டாவது வரை வந்த ஒவ்வொரு கருத்தையும் ஒரு வரியாக எழுதுங்கள். எந்த வெர்ஷனுக்கு வந்தது, எந்த இடம், என்ன சொன்னார்கள், யார் சொன்னார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள். மின்னஞ்சல், வாட்ஸ்அப், குரல் செய்தி, போனில் சொன்னது எல்லாம் இதில் வரட்டும். ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும், ஆனால் நோய் எங்கே என்று அங்கேயே தெரிந்துவிடும்.

எனக்குத் தெரிந்த விதத்தைச் சொல்கிறேன். ஒரு பயிற்சி நிறுவனத்துக்காக 3 நிமிடம் 10 வினாடி வீடியோ ஒன்று செய்தேன். அங்கே என்னோடு பேசியவர் ஒரு மேலாளர். அருமையான மனிதர், கேட்டதற்கெல்லாம் உடனே பதில் சொல்வார். நான்காவது வெர்ஷன் வரை சின்னச் சின்னதாகச் சொன்னார். ஐந்தாவதுக்குத் திடீரென்று "ஆரம்பமே சரியில்லை, மியூசிக்கை மாற்றுங்கள், நீளம் அதிகம்" என்று பழைய குருடி கதவைத் திறடி கதையாக முதலிலிருந்து வந்தது. அப்போதுதான் உட்கார்ந்து இப்படி எழுதினேன். மொத்தம் 34 கருத்து. "யார் சொன்னார்கள்" என்ற பத்தியை நிரப்பும்போதுதான் புரிந்தது, நிறுவனர் வீடியோவைப் பார்த்ததே நான்காவது வெர்ஷனில்தான். அதுவரை மேலாளர் தன் மனதுக்குப் பட்டதையும், அவர் அலுவலகத்தில் சமூக வலைதளம் பார்த்துக்கொள்பவர் சொன்னதையும் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். மூன்று வெர்ஷன் வேலையை, முடிவு எடுக்கும் அதிகாரம் இல்லாத இருவருக்காகச் செய்திருந்தேன்.

உங்கள் விஷயத்திலும் இதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். "உங்களுக்கு முடிவு எடுக்கும் உரிமை உண்டா" என்று கேட்டால் யாருக்கும் கோபம் வரும். நான் கேட்பது இப்படி: "கடைசி ஓகே யாரிடமிருந்து வரும்? அவர் எந்தக் கட்டத்தில் பார்ப்பார் என்று தெரிந்தால் அதற்கு ஏற்ற மாதிரி வெர்ஷன் தயார் செய்துவைக்கிறேன்." இதில் உரசல் இல்லை, வேலைத் திட்டம் பற்றிய கேள்விதான். "முதலாளி கடைசியில் பார்ப்பார்" என்று பதில் வந்தால் அங்கேயே நின்று, ரஃப் கட்டை அவர் 15 நிமிடம் பார்த்துவிட்டால் பின்னால் எல்லோருக்கும் நேரம் மிச்சம் என்று சொல்லுங்கள். சில இடங்களில் அது நடக்காது, பெரியவரை இடையில் தொந்தரவு செய்ய மேலாளர் தயங்குவார். சரி, அப்படியென்றால் அவர் பார்த்த பின் வரும் கரெக்‌ஷன் தனி ரவுண்டாகக் கணக்கில் வரும் என்று இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். அதைப் படித்ததும் மேலாளரே போய் அவரை அழைத்து வந்ததை இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

ஆள் தெரிந்த பிறகு லிஸ்ட்டைப் பிரிக்க வேண்டும். நான் மூன்று குவியலாகப் பிரிப்பேன்: தவறு, ரசனை, புதியது. அந்த 34-ல் 9 தவறு. ஒருவர் பதவியின் பெயர் பழையது, லோகோ பழையது, ஓர் இடத்தில் மைக்கில் காற்று அடித்த சத்தம், எழுத்துப் பிழை இந்த மாதிரி. தவறு என்பது விவாதத்துக்கு உரியதே அல்ல. உடனே திருத்த வேண்டும், ரவுண்டு கணக்கில் சேர்க்கக் கூடாது, பணமும் கேட்கக் கூடாது. பழைய லோகோவை அனுப்பியது அவர்களாகவே இருந்தாலும் இரண்டு நிமிட வேலைக்குக் கணக்குப் பார்த்தால், பின்னால் பெரிய விஷயத்தில் நாம் உறுதியாக நிற்கும்போது அதற்கு மதிப்பு இருக்காது. திரையில் வரும் பெயர்களையும் பதவிகளையும் மட்டும் ஒரே கோப்பில் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லி, அதிலிருந்து அப்படியே காப்பி செய்து ஒட்டுங்கள். கையால் திரும்ப அடிக்காதீர்கள். எனக்கு வந்த எழுத்துப் பிழைகளில் பெரும்பகுதி அந்த ஒரு பழக்கத்தோடு நின்றுபோனது.

ரசனை சார்ந்த குவியல்தான் கஷ்டமானது, ரவுண்டுகள் பெருகுவதும் இங்கேதான். காரணம், க்ளையன்ட் தனக்குத் தோன்றிய சங்கடத்தைச் சொல்வதில்லை, மருந்தைச் சொல்லிவிடுகிறார். நாம் அந்த மருந்தை அப்படியே கொடுக்கிறோம், சங்கடம் தீராததால் அடுத்த முறை வேறு மருந்து கேட்கிறார். அந்த வீடியோவில் நிறுவனர் சொன்னது "இந்த மியூசிக் சோகமாக இருக்கு, மாற்றிடுங்க" என்பது. வீடியோவில் ஏறக்குறைய 60 கட். அதில் பாதிக்கு மேல் அந்த இசையின் தாளத்துக்கு வெட்டியவை. இசையை மாற்றினால் அத்தனையையும் மறுபடி உட்கார வைக்க வேண்டும், முழு ஒரு நாள் வேலை. செய்வதற்கு முன் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "சார், வீடியோவை ஓட விடுங்க, எந்த இடத்தில் சோகம்னு முதலில் தோணுதோ அங்கே நிறுத்திச் சொல்லுங்க." ஒரு நிமிடம் 10 வினாடி தாண்டியதும் நிறுத்தினார். "அந்தப் பொண்ணு பேசி முடிச்சதும்" என்றார்.

அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். பழைய மாணவி ஒருவர் தன் முதல் வேலை பற்றிப் பேசி முடிக்கிறார். பேச்சு முடிந்த பின் அவர் முகத்தை 3 வினாடி வைத்திருந்தேன். அந்த 3 வினாடியில் அவர் கண்ணைத் தாழ்த்துகிறார், அதே இடத்தில் பியானோவின் சத்தத்தை ஏற்றியிருந்தேன். அது எனக்கு நெகிழ்ச்சியாகத் தெரிந்தது, நிறுவனருக்குச் சோகமாகத் தெரிந்தது. சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓட்டினேன். சோகம் அப்படியே இருந்தது. அப்படியானால் காரணம் இசை இல்லை, தாழ்ந்த கண். அவர் கண்ணைத் தாழ்த்துவதற்கு முன்பே, ஒரு வினாடிக்குள், அந்த ஷாட்டை வெட்டினேன். இசை ஏறுவதை மாணவர்கள் பட்டறைக்குள் நுழையும் அடுத்த ஷாட்டுக்குத் தள்ளினேன். குறைத்த 2 வினாடியை அந்தப் பட்டறை ஷாட்டிலேயே கூட்டிவிட்டதால் பின்னால் ஒரு கட் கூட நகரவில்லை. 20 நிமிட வேலை. அதன் பிறகு இசை பற்றி யாரும் பேசவில்லை.

எல்லா முறையும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். சில சமயம் உண்மையிலேயே அவருக்கு அந்த இசை பிடிக்காது, அப்போது மாற்றத்தான் வேண்டும். வித்தியாசம் தெரிய இரண்டு சோதனை வைத்திருக்கிறேன். ஒன்று, மேலே சொன்ன மாதிரி சத்தத்தை அணைத்துப் பார்ப்பது. குறை இன்னும் இருந்தால் படத்தில் இருக்கிறது, காணாமல் போனால் ஒலியில் இருக்கிறது. இரண்டாவது, முழு வீடியோவையும் மாற்றாமல் சர்ச்சைக்குரிய 20 வினாடியை மட்டும் எடுத்து, பழைய இசையோடு ஒன்று, புது இசையோடு ஒன்று என்று இரண்டு துண்டாக அனுப்புவது. துண்டைப் பார்த்து முடிவு சொல்வது அவர்களுக்கும் எளிது. "ஸ்லோவாக இருக்கு" என்பதும் இதே ஜாதி. அப்படிச் சொல்லும் இடத்தில் வேகத்தைக் கூட்டுவதற்கு முன், அதற்கு 15-20 வினாடி முன்னால் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் இருவர் ஒரே கருத்தைத் திரும்பச் சொல்லியிருப்பார்கள். பார்ப்பவர் அங்கேயே களைத்துவிடுகிறார், அதை உணர்வது மட்டும் பிறகுதான். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால், மெதுவாகத் தெரிந்த இடம் தொடாமலே சரியாகிவிடும்.

மூன்றாவது குவியல் புதியது. ஆரம்பத்தில் பேசாத எதுவும் இதில் வரும். இன்னொருவர் பேட்டியைச் சேர்ப்பது, மொபைலுக்கு நெட்டுவாக்கில் ஒரு வெர்ஷன், இன்னொரு மொழியில் சப்டைட்டில். இவற்றைக் கரெக்‌ஷன் என்று சொல்லித்தான் அனுப்புவார்கள், கெட்ட எண்ணத்தில் அல்ல, அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. "நெட்டுவாக்கில் ஒன்று" என்பது கேட்பதற்கு எக்ஸ்போர்ட் செட்டிங்கை மாற்றுவது போல இருக்கும். 16:9-ல் எடுத்ததை 9:16 ஆக்கினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். இருவர் சேர்ந்து நிற்கும் ஷாட்டில் ஒருவர் வெளியே போய்விடுவார். ஒவ்வொரு ஷாட்டையும் தனியாக நகர்த்த வேண்டும், எழுத்துகளை மறுபடி அமைக்க வேண்டும். இதை இரண்டு வரியில் விளக்கி, "இது தனி வேலை, இவ்வளவு நாள், இவ்வளவு தொகை, இப்போதைய வீடியோவை முடித்துவிட்டுத் தொடங்கலாமா?" என்று கேளுங்கள். முடியாது என்ற சொல்லே வர வேண்டியதில்லை. விலை தெரிந்ததும் பாதிப் பேர் "இப்போ வேண்டாம்" என்பார்கள், மீதிப் பேர் பணம் கொடுத்துச் செய்துகொள்வார்கள்.

பிரித்து முடித்ததும் அதே லிஸ்ட்டில் ஒவ்வொரு வரிக்கும் உங்கள் பதிலை எழுதித் திருப்பி அனுப்புங்கள். டைம்லைனை இன்னும் திறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். "செய்கிறேன்" என்பது ஒரு பதில். "இதற்குப் பதில் இப்படிச் செய்து காட்டுகிறேன், காரணம் இது" என்பது இன்னொன்று. "7-ம் 12-ம் ஒன்றுக்கொன்று எதிர், எது வேண்டும் என்று சொல்லுங்கள்" என்பது மூன்றாவது. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். அந்த 34-ல் ஒன்று "ஆரம்பத்தில் கட்டடத்தை நிதானமாகக் காட்டுங்கள்" என்றது, இன்னொன்று "மொத்தத்தில் 30 வினாடி குறையுங்கள்" என்றது. இரண்டையும் ஒரே வீடியோவில் திருப்தியாகச் செய்ய வழியில்லை. நானாக ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால் மற்றவர் அடுத்த ரவுண்டில் வந்திருப்பார். எழுதிக் கேட்டேன். அவர்கள் உள்ளே பேசி, நீளத்தைக் குறைப்பதே முக்கியம் என்று ஒரே பதிலாக அனுப்பினார்கள். அந்த விவாதம் என் டைம்லைனில் நடக்காமல் அவர்கள் அறையிலேயே நடந்து முடிந்தது. பதில் லிஸ்ட்டுக்கு அவர்கள் "சரி" என்று எழுதிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

இடத்தைக் குறிப்பிடும் விஷயத்தில் ஒரு சின்ன ஏற்பாடு பெரிய உதவி செய்யும். "நடுவில் அந்த அம்மா வரும் சீன்" என்று வரும் கருத்தைத் தேடுவதிலேயே நேரம் போகும், தப்பான இடத்தைத் திருத்தவும் நேரும். பார்வைக்கு அனுப்பும் ஒவ்வொரு வெர்ஷனிலும் படத்தின் மேல் டைம்கோடு ஓடட்டும். பிரீமியர் ப்ரோவில் எக்ஸ்போர்ட் செய்யும்போது Timecode Overlay என்று இருக்கும், டாவின்சி ரிசால்வில் Workspace மெனுவில் Data Burn-In. மூலையில் வெர்ஷன் எண்ணையும் எழுத்தில் போட்டுவிடுங்கள். இது ஏன் என்றால், v5-ல் 12 வினாடி குறைத்திருப்பீர்கள், ஒருவர் பழைய v4 கோப்பைப் பார்த்து "01:40-ல் மாற்றுங்கள்" என்பார். v5-ல் 01:40 வேறு ஷாட். எண் திரையிலேயே இருந்தால் இந்தக் குழப்பம் வராது. புது வெர்ஷன் அனுப்பியதும் பழைய லிங்க்கை எடுத்துவிடுங்கள். ஆனால் உங்கள் ப்ராஜெக்ட்டில் பழைய சீக்வென்ஸை அழிக்காதீர்கள். ஒவ்வொரு வெர்ஷனுக்கும் சீக்வென்ஸைப் பிரதி எடுத்துப் புதிதில் வேலை செய்யுங்கள், "முன்னாடி இருந்ததே நல்லா இருந்துச்சு" என்று வரும் நாளில் அது கை கொடுக்கும். Frame.io போன்ற தளங்களில் க்ளையன்ட் நேரடியாக அந்த ஃப்ரேமிலேயே கருத்து எழுதலாம், வசதிதான். ஆனால் பத்துப் பேர் ஆளுக்கு ஒரு பக்கம் இழுப்பதும் அதில் சுலபம். யாராவது ஒருவர் எல்லாவற்றையும் படித்து, வேண்டாததை நீக்கி, "இதுதான் எங்கள் லிஸ்ட்" என்று சொல்லும் வரை நான் காத்திருப்பேன்.

இனி, ஒரே ஆள் ஒவ்வொரு முறையும் வேறொன்றைச் சொல்லும் சிக்கல். இதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் அனுப்பும் விதம். ரஃப் கட்டை "பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று அனுப்பினால் அவர் கண்ணில் முதலில் படுவது வெளிறிய நிறம், ஏற்றத்தாழ்வான சத்தம், தற்காலிக எழுத்துரு. எல்லாம் பின்னால் தானாகச் சரியாகப் போகிறவை. கதை ஓட்டத்தைப் பற்றி அப்போது ஒரு வார்த்தையும் வராது. நிறமெல்லாம் சரியான பிறகுதான் அவர் கண்ணுக்கு, இரண்டாவது பேட்டி முதலில் வந்திருக்கலாமே என்பது தெரியும். அதனால் வெர்ஷனோடு அனுப்பும் குறிப்பில் இந்த முறை எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டாம் என்று இரண்டையும் எழுதுங்கள். ரஃப் கட் என்றால், "யார் யார் பேசுகிறார்கள், எந்த வரிசை, ஏதாவது விடுபட்டதா, இவை மட்டும். நிறமும் ஒலியும் இன்னும் தொடவில்லை." அடுத்த கட்டத்தில் நீளம், வேகம், எந்த ஷாட். அதற்கு ஓகே வந்ததும் பிக்சர் லாக், அதாவது இனி ஒரு ஃப்ரேம் கூட நகராது. அதன் பிறகுதான் கலரும், மிக்ஸும், சப்டைட்டிலும்.

பிக்சர் லாக் என்றால் என்ன என்று க்ளையன்ட்டுக்குப் புரியும்படி சொல்வது நம் கடமை, வெறும் பெயரைச் சொன்னால் அது தலையில் ஏறாது. நான் சொல்வது இப்படி: "40-வது வினாடியில் 2 வினாடியை எடுத்தால், அதற்குப் பின்னால் வரும் எல்லாமே 2 வினாடி முன்னே வரும். இசை இருந்த இடத்தில் இருக்காது, சப்டைட்டில் ஒவ்வொரு வரியின் நேரமும் மாறும், மிக்ஸ் செய்து வாங்கிய ஒலியை மறுபடி வெட்டி ஒட்ட வேண்டும். லாக்குக்கு முன் இது 5 நிமிடம், பின் அரை நாள்." இந்தக் கணக்கைக் கேட்ட பிறகு "சின்ன மாற்றம்தானே" என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. அப்படியும் லாக்குக்குப் பின் மாற்றம் வரத்தான் செய்யும், ஒரு ஊழியர் வேலையை விட்டுப் போயிருப்பார், அவர் முகம் இருக்கக் கூடாது என்பார்கள். நியாயமான காரணம். செய்து கொடுங்கள், ஆனால் கட்டணத்தோடு. முடிந்த வரை அதே நீளத்துக்கு வேறு ஷாட்டைப் பொருத்துங்கள், மேலே பட்டறை ஷாட்டில் செய்ததைப் போல.

எத்தனை ரவுண்டு என்று எழுதுவது என்பதில் எல்லோருக்கும் பொதுவான எண் கிடையாது. 5 நிமிடத்துக்குள் இருக்கும் வீடியோவுக்கு நான் இரண்டு எழுதுகிறேன், அதுவே போதுமானதாக இருக்கிறது. குழுவாக முடிவெடுக்கும் இடங்களில் இரண்டு போதாது, மூன்று வைத்து விலையையும் அதற்கேற்பச் சொல்கிறேன். ஆனால் எண்ணைவிட ரவுண்டு என்றால் என்ன என்பதை எழுதுவதுதான் முக்கியம் என்று உறுதியாகச் சொல்வேன். "ஒரு ரவுண்டு என்பது, எல்லோருடைய கருத்தையும் சேர்த்து, முரண்களை நீக்கி, ஒரே ஆவணமாக, ஒருவர் அனுப்புவது." இந்த வரி இல்லாமல் "2 ரவுண்டு" என்று மட்டும் எழுதினால், ஒரே நாளில் வந்த ஏழு வாட்ஸ்அப் செய்தி ஒரு ரவுண்டா ஏழு ரவுண்டா என்று பின்னால் வாதாட வேண்டிவரும். "7 நாளில் பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வோம்" என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதை வைத்துச் சண்டை போடலாம் என்று நம்பி நான் எழுதியதில்லை. பதில் தாமதமானால் முடிக்கும் தேதியும் தள்ளிப்போகும் என்று எழுதினால் போதும், அதை யாரும் மறுப்பதில்லை. ஒப்பந்தம் சட்டப்படி எவ்வளவு செல்லும் என்பது இடத்துக்கு இடம் மாறும், பெரிய தொகை என்றால் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தில் ஒன்று மட்டும். கடைசித் தவணையை "திருப்தியான பிறகு" என்பதோடு கட்டாதீர்கள். திருப்திக்கு எல்லை இல்லை, பணம் கொடுக்காமல் இருக்க ஒரு கரெக்‌ஷன் எப்போதும் மிச்சம் இருக்கும். மூன்றாகப் பிரித்து, தொடங்கும்போது ஒன்று, பிக்சர் லாக்கில் ஒன்று, டைம்கோடு இல்லாத இறுதிக் கோப்பைக் கொடுக்கும்போது ஒன்று என்று வையுங்கள். லாக் என்பது ஒரு தேதி, ஒரு மின்னஞ்சல், அதை மறுக்க முடியாது.

இப்போது உங்கள் ஒன்பதாவது வெர்ஷனுக்கு வருவோம். இவ்வளவும் ஆரம்பத்திலேயே பேசியிருக்க வேண்டியது. பேசவில்லை என்பதால் இப்போது திடீரென்று "இனிமேல் காசு" என்றால் மனம் கோணத்தான் செய்யும். எட்டு வெர்ஷன் இலவசமாகக் கொடுத்தது நீங்கள்தான், அதற்குப் பணம் கேட்க வேண்டாம், அதைக் குத்திக்காட்டவும் வேண்டாம். எழுதி முடித்த லிஸ்ட்டை இணைத்து இப்படி அனுப்புங்கள்: "இதுவரை வந்த எல்லாக் கருத்துகளையும் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். முடிந்தவை, மீதமுள்ளவை, ஒன்றுக்கொன்று முரணாக இருப்பவை என்று பிரித்திருக்கிறேன். முரணானவற்றில் எது வேண்டும் என்று கடைசி முடிவு எடுப்பவரோடு 20 நிமிடம் சேர்ந்து பார்த்துத் தீர்த்துக்கொண்டால், அடுத்த வெர்ஷனைப் பிக்சர் லாக்காகக் கொடுத்துவிடலாம். லாக்குக்குப் பின் எழுத்துப் பிழை, தகவல் பிழை எப்போது வந்தாலும் திருத்தித் தருவேன். ஷாட், இசை, நீளம் மாறினால் அதற்கு நேரமும் கட்டணமும் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்கிறேன்."

அந்த 20 நிமிடத்தை நேரிலோ திரையைப் பகிர்ந்தோ செய்யுங்கள், லிங்க் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். முதலில் முழு வீடியோவையும் நிறுத்தாமல் ஒரு முறை ஓட்டுங்கள். இடையில் யாராவது பேச வந்தால், "முடியட்டும், பிறகு ஒவ்வொன்றாகப் போவோம்" என்று பணிவாகச் சொல்லுங்கள். முழுதாகப் பார்த்ததும் லிஸ்ட்டில் உள்ள பல வரிகளை அவர்களே "இது பரவாயில்லை" என்று விட்டுவிடுவார்கள், ஏனென்றால் அவற்றில் பல நிறுத்தி நிறுத்திப் பார்த்ததால் தோன்றியவை. பிறகு முரணானவற்றை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு முடிவையும் அவர்கள் கண்ணெதிரே லிஸ்ட்டில் தட்டச்சு செய்யுங்கள், கூட்டம் முடிந்த அரை மணி நேரத்தில் அதையே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பயிற்சி நிறுவன வேலையில் நிறுவனர் இப்படி ஒரு முறை உட்கார்ந்தார். ரசனைக் குவியலில் இருந்த 17-ல் 11-ஐ அவரே அடித்துவிட்டார், 6 மிஞ்சியது. ஆறாவது வெர்ஷனில் அந்த ஆறையும் செய்து அனுப்பினேன், மறுநாள் லாக் மின்னஞ்சல் வந்தது.

இந்த மின்னஞ்சலுக்குப் பிறகும் முடிவெடுப்பவர் யார் என்று சொல்லாமல், கூட்டத்துக்கும் வராமல், புதுப்புதுக் கருத்து மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால், அந்த நிறுவனத்துக்குள்ளேயே இந்த வீடியோ எதற்கு என்று இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். அதை எடிட்டிங்கால் தீர்க்க முடியாது. அப்போது மீதமுள்ள தவறுகளை மட்டும் திருத்தி ஒன்பதாவதைக் கொடுங்கள். பேசிய வேலை இதோடு நிறைவடைகிறது, இனி வருபவை மணிக்கணக்குக் கட்டணத்தில் செய்யப்படும் என்று எழுதி பில்லை அனுப்பிவிடுங்கள். ப்ராஜெக்ட் கோப்புகளை மட்டும் சில மாதம் பத்திரமாக வைத்திருங்கள். இப்படி முடித்த இரண்டு வேலைகளில் ஒன்றுக்கு மூன்று மாதம் கழித்து அவர்களே திரும்ப வந்து, பணம் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள்.